பார்த்தால் தமிழ், எண்ணிப் பார்த்தால் வேறு

ஒரு பள்ளியின் பழைய மாணவர் சங்கம் விழா மலர் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் பெயர்களை அகர வரிசையில் அச்சிட வேண்டும். இணையத்தில் ஒரு படிவம் போட்டாயிற்று. அவரவர் கைப்பேசியில் அவரவருக்குத் தெரிந்தபடி பெயரை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் சிலர் தங்கள் ஊர்க்காரர்களின் பட்டியலைத் தனிக் கோப்பாக அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் ஒட்டினால் பெயருக்கான பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஒரு கட்டத்தில் ‘முருகன்’, அடுத்ததில் ‘Murugan’, அதற்கடுத்து ‘S. முருகன்’, பிறகு ‘முருகன் B.Sc.’, இடையில் பெயருக்குப் பதிலாக யாரோ தட்டிவிட்ட கைப்பேசி எண்.

இதை அப்படியே வரிசைப்படுத்தினால் ஆங்கில எழுத்தில் தொடங்குபவை முதலில் வந்து நிற்கும். தமிழ் பின்னால் வரும். ‘S. முருகன்’ ஆங்கில எஸ் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆகவே வரிசைப்படுத்துவதற்கு முன்பே தமிழில் உள்ளவை எவை, ஆங்கிலத்தில் உள்ளவை எவை, இரண்டும் கலந்தவை எவை என்று பிரித்தாக வேண்டும். ஐம்பது பெயரென்றால் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். ஆயிரத்துக்கு மேல் போனால் கண் ஏமாறும். அதைவிட முக்கியம், சில கட்டங்களில் எத்தனை நிதானமாகப் பார்த்தாலும் கண் ஏமாறத்தான் செய்யும். அது ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. அதனிடம் இருப்பதெல்லாம் எண்கள்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் தெருவில் வீட்டுக்கு இருப்பதுபோல ஒரு கதவு எண் உண்டு. யூனிகோடு என்னும் உலகப் பொது ஏற்பாட்டில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட கதவு எண்கள் 2944 முதல் 3071 வரை. முன் தெருவில் ஒடியா முடிகிறது. 3072-இல் தெலுங்கு தொடங்குகிறது. தமிழ்த் தெருவில் 128 மனைகள் இருந்தாலும் வீடு கட்டியிருப்பது 72-இல் மட்டுமே. மீதி காலி மனை. அ 2949-ஆம் எண், க 2965, ழ 2996. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் A முதல் Z வரை 65 முதல் 90. சிறிய எழுத்துகள் 97 முதல் 122. நாம் நாள்தோறும் எழுதும் 1, 2, 3 என்ற இலக்கங்கள் 48 முதல் 57. இடைவெளிக்குக்கூட எண் உண்டு: 32.

இந்த எண்ணைக் கேட்டுப் பெற எக்செலில் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து UNICODE என்றொரு ஃபார்முலா இருக்கிறது. A2 கட்டத்தில் பெயர் இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் இப்படி எழுதினால் போதும்:

```
=UNICODE(A2)
```

‘முருகன்’ இருந்தால் 2990 என்று வரும். அது ம-வின் எண். ‘Murugan’ இருந்தால் 77. இங்கே ஒரு எச்சரிக்கை. CODE என்ற பழைய ஃபார்முலாவும் எக்செலில் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் பலவும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கும். விண்டோஸ் கணினியில் அதனிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் 63 என்று பதில் வரும். 63 என்பது கேள்விக்குறியின் எண். ‘இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒரே எண் வருகிறதே என்று குழம்புகிறவர்கள் UNICODE-க்கு மாறினால் குழப்பம் தீரும்.

UNICODE முதல் எழுத்தின் எண்ணை மட்டும்தான் சொல்லும். பலர் இத்துடன் நிறுத்திக்கொண்டு, முதல் எண் 2944-க்கு மேல் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம் என்று பிரித்துவிடுகிறார்கள். நம்முடைய பட்டியலுக்கு இது ஒத்துவராது. தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் போட்டுப் பெயரைத் தமிழில் எழுதுவது நம்மிடையே மிகச் சாதாரணம். ‘S. முருகன்’ என்ற கட்டத்துக்கு முதல் எண் 83. ஆகவே அது ஆங்கிலம் என்று முடிவாகிவிடும். ‘முருகன் B.Sc.’ தமிழாகிவிடும். பெயருக்கு முன்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் 32 வரும். அது எந்தப் பக்கமும் சேராது. எனவே கட்டத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

‘S. முருகன்’ கட்டத்தையே எடுத்து முழுவதும் பிரித்துப் பார்ப்போம். முதலில் S, எண் 83. அடுத்து புள்ளி, 46. பிறகு இடைவெளி, 32. அடுத்து வருவதைக் கவனியுங்கள். ம 2990, உகரக் குறி 3009, ர 2992, மறுபடியும் உகரக் குறி 3009, க 2965, ன 2985, மெய்யின் மேல் வைக்கும் புள்ளி 3021. நம் கண்ணுக்கு மு, ரு, க, ன் என நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு. தமிழின் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. மெய்வரிசையின் அகர எழுத்துக்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் குறிக்கு இன்னோர் எண். கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனிக் குடித்தனம். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் உள்ளே முதலில் இருப்பது க. கொம்பு அதற்குப் பிறகுதான். எனவே LEN என்ற நீளம் காட்டும் ஃபார்முலா ‘S. முருகன்’ கட்டத்துக்கு 10 என்று சொல்லும். அந்தப் பத்தில் ஏழு எண்கள் தமிழ் எல்லைக்குள், ஒன்று ஆங்கில எல்லைக்குள், இரண்டு எதிலும் சேராதவை. தமிழும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது; ஆகவே கலவை.

இந்தக் கணக்கைத்தான் ஃபார்முலாவிடம் ஒப்படைக்க வேண்டும். எக்செலின் 2021 பதிப்போ சந்தா முறையில் வரும் 365-ஓ இருந்தால் ஒரே கட்டத்தில் முடித்துவிடலாம்:

```
=LET(k, IFERROR(UNICODE(MID(UPPER(A2),SEQUENCE(LEN(A2)),1)),0),
 t, SUM((k>=2944)*(k<=3071)),
 e, SUM((k>=65)*(k<=90)),
 IF(t*e>0,"கலவை",IF(t>0,"தமிழ்",IF(e>0,"ஆங்கிலம்","வேறு"))))
```

பார்க்க மிரட்டினாலும் உள்ளே நடப்பது நாம் மேலே விரல்விட்டு எண்ணியதுதான். MID ஒவ்வோர் எழுத்தாக உருவுகிறது. எத்தனை முறை உருவ வேண்டும் என்பதை SEQUENCE சொல்கிறது. உருவிய ஒவ்வொன்றின் எண்ணையும் UNICODE எடுத்து k என்ற பெயரில் வரிசையாக வைக்கிறது. அந்த வரிசையில் தமிழ் எல்லைக்குள் எத்தனை என்பது t, ஆங்கில எல்லைக்குள் எத்தனை என்பது e. இரண்டையும் பெருக்கினால் சுழியத்துக்கு மேல் வருகிறதென்றால் இரண்டுமே இருக்கின்றன என்று பொருள்.

நடுவில் UPPER எதற்கு? ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு எல்லைகள் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிட்டால் 65 முதல் 90 வரை என்ற ஒரே எல்லையைப் பார்த்தால் போதும். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால் UPPER அதைத் தொடுவதில்லை. இந்த வேறுபாட்டையே வைத்து, எண்ணே பார்க்காமல் ஆங்கிலம் இருக்கிறதா என்று மட்டும் அறியும் குறுக்குவழி ஒன்றும் உண்டு. கட்டத்தைப் பெரிய எழுத்தாக்கியும் சிறிய எழுத்தாக்கியும் ஒப்பிட வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றென்றால் அதில் ஆங்கில எழுத்து இல்லை:

```
=EXACT(UPPER(A2),LOWER(A2))
```

TRUE என்றால் ஆங்கிலம் இல்லை, FALSE என்றால் இருக்கிறது. அழகான தந்திரம்தான். ஆனால் இது பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். TRUE வந்த கட்டத்தில் தமிழ் இருக்கிறதா, வெறும் கைப்பேசி எண் இருக்கிறதா என்று சொல்லாது.

பெரிய ஃபார்முலாவில் IFERROR இருப்பதற்கும் காரணம் உண்டு. பெயருக்குப் பின்னால் ரோஜாப்பூவோ கைகூப்பும் படமோ போட்டு அனுப்புகிறவர்கள் நம்மில் ஏராளம். இந்தப் படங்களின் எண் 65,535-க்கு மேல் போவதால் அவை உள்ளே இரண்டு துண்டாகச் சேமிக்கப்படுகின்றன. MID ஒவ்வோர் எழுத்தாக வெட்டும்போது படம் பாதியாக வெட்டுப்பட்டு, UNICODE அதைப் பார்த்துப் பிழை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு பூ போதும், முழு ஃபார்முலாவும் கவிழ்ந்துவிடும். பிழை வந்த இடத்தில் சுழியத்தை வைத்துக்கொண்டு மேலே போ என்பதுதான் IFERROR இடும் கட்டளை. கட்டம் காலியாக இருந்தாலும் அதே கட்டளைதான் காப்பாற்றுகிறது. காலிக் கட்டம் ‘வேறு’ என்று வரும்.

2013 முதல் 2019 வரையிலான எக்செல் பதிப்புகளில் LET கிடையாது. அங்கே தமிழ் எண்ணிக்கையை ஒரு கட்டத்தில் இப்படி எடுக்கலாம்:

```
=SUMPRODUCT((UNICODE(MID(A2,ROW(INDIRECT("1:"&LEN(A2))),1))>=2944)*
 (UNICODE(MID(A2,ROW(INDIRECT("1:"&LEN(A2))),1))<=3071))
```

ஆங்கில எண்ணிக்கைக்கு அடுத்த கட்டத்தில் இதையே எழுதி, இரண்டு A2-க்கும் பதிலாக MID-இன் முதல் இடத்தில் UPPER(A2) என்றும், எல்லைகளை 65, 90 என்றும் மாற்றினால் சரி. காலிக் கட்டத்திலும் பூப்படம் உள்ள கட்டத்திலும் இது பிழை காட்டும். பிழை வந்தவற்றைத் தனியே கண்ணால் பார்த்துக்கொள்வதே சுலபம். கூகுள் ஷீட்ஸில் முதலில் சொன்ன LET ஃபார்முலாவே செல்லும். முழுவதையும் ARRAYFORMULA( ) என்ற அடைப்புக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஃபார்முலா சொன்ன முடிவை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். ‘கலவை’ என்று வந்த எல்லாமே ஒரே மாதிரியானவை அல்ல. ‘S. முருகன்’ கட்டத்தில் திருத்த வேண்டியது ஒரே ஒரு தலைப்பெழுத்து. ‘முருகன் Murugan’ என்று இரண்டு விதமாகவும் எழுதியவரின் கட்டத்தில் ஒரு பாதியை நீக்கினால் போதும். ‘முருகn’ என்று கடைசியில் விசைப்பலகை மாறிப்போன கட்டம் தட்டச்சுப் பிழை. மூன்றையும் ஒரே குவியலாகப் போடுவதைவிட t, e இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. e ஒன்றோ இரண்டோ என்றால் அநேகமாகத் தலைப்பெழுத்து. அதற்குமேல் போனால் பட்டமோ ஆங்கிலப் பெயரோ. ஃபில்டர் போட்டு இவற்றை வகை வகையாக எடுத்துக் கைவேலை பார்க்கலாம்.

ஆனால் t எண்ணை எழுத்துக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. முருகனுக்கு ஏழு வந்ததைப் பார்த்தோம். ‘ஸ்ரீ’ என்ற ஒரே எழுத்தைப் போல் தோன்றுவதற்கு உள்ளே நான்கு எண்கள். எனவே தமிழ் ஏழு, ஆங்கிலம் ஆறு, ஆகவே தமிழ்தான் அதிகம் என்று முடிவுகட்டினால் தவறாகும். நாம் எண்ணுவதுபோல எண்ண வேண்டுமென்றால் குறிகளை விட்டுவிட வேண்டும். கால் முதல் மெய்ப்புள்ளி வரையிலான குறிகள் 3006 முதல் 3021 வரை இருக்கின்றன. அவற்றைக் கழித்தால் முருகனுக்கு நான்கு என்று சரியாக வரும்.

அடுத்து, இந்த முறையின் மிக ருசிகரமான இடம். திரையில் பளிச்சென்று ‘முருகன்’ என்று தெரிகிறது. பக்கத்துக் கட்டம் ‘ஆங்கிலம்’ என்கிறது. ஃபார்முலா தவறு என்று நினைக்கத் தோன்றும். ஃபார்முலா சரி, தவறு கண்ணுடையது. அந்தக் கட்டத்தின் உள்ளே உண்மையில் இருப்பது இதுதான்:

```
KUfd;
```

எண்கள் 75, 85, 102, 100, 59. இது பாமினி எழுத்துருவில் தட்டியது. யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தமிழைக் காட்ட எழுத்துருக்காரர்கள் செய்த ஏற்பாடு இது: ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வடிவத்துக்குப் பதிலாகத் தமிழ் வடிவத்தை வரைந்துவிடுவார்கள். பாமினியில் K என்று தட்டினால் மு, U என்றால் ரு, f என்றால் க, d என்றால் ன. அரைப்புள்ளியைத் தட்டினால் மெய்ப்புள்ளி. திரையில் தமிழ், உள்ளே ஆங்கிலம். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பாமினி பரவலாகப் புழங்கியது. தமிழ்நாட்டு அச்சகங்களிலும் இத்தகைய எழுத்துருக்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. வெளியூர் அன்பர் அனுப்பிய பழைய கோப்பு இப்படி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி, கட்டத்தைச் சொடுக்கிவிட்டு மேலே ஃபார்முலா தெரியும் பட்டையைப் பார்ப்பது. அந்தப் பட்டை கட்டத்துக்குப் போட்ட எழுத்துருவைக் கண்டுகொள்ளாது. எக்செலின் சொந்த எழுத்துருவில் காட்டும். கீழே ‘முருகன்’, மேலே ‘KUfd;’ என்று தெரிந்தால் குட்டு உடைந்தது. ஆயிரம் கட்டங்களையும் இப்படிச் சொடுக்க முடியாது. ஆகவே ‘ஆங்கிலம்’ என்று வந்தவற்றில் அரைப்புள்ளி எத்தனை என்று எண்ணலாம்:

```
=LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,";",""))
```

ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் அரைப்புள்ளிக்கு வேலையே இல்லை. தமிழ்ப் பெயர்களிலோ மெய்யெழுத்து பெரும்பாலும் இருக்கும். கண்ணன் என்பது பாமினியில் ‘fz;zd;’, இரண்டு அரைப்புள்ளி. ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் சந்தேகப்பட்டியலில் சேர்த்துவிடலாம். என்றாலும் இது முழுச் சல்லடை அல்ல. ராதா என்ற பெயரில் மெய்யெழுத்தே இல்லை. பாமினியில் அது ‘uhjh’. அரைப்புள்ளி இல்லாமல் நழுவிவிடும். அதற்கு ஒரே வழி, ‘ஆங்கிலம்’ குவியலைத் தனித் தாளில் ஒட்டி, மொத்தத்துக்கும் ஏரியல் போன்ற சாதாரண ஆங்கில எழுத்துருவைப் போடுவது. வேடம் கலைந்து எல்லாம் ஆங்கிலமாகத் தெரியும். ‘Radha’ நடுவே ‘uhjh’ பல்லிளிக்கும். ஒரே கட்டத்தில் பாதியைப் பாமினியிலும் மீதியை உண்மையான ஆங்கிலத்திலும் எழுதியிருந்தால் எண்களை வைத்து எல்லை பிரிக்க வழியே இல்லை. இரண்டும் ஒரே எண் வரிசை.

பழைய முறைகள் எல்லாம் பாமினியைப் போல ஆங்கில எழுத்துகளின் இடத்தைப் பிடிக்கவில்லை. தகுதரம் என்றும் டிஸ்கி என்றும் சொல்லப்படும் முறையும், 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக்கிய தாப் முறையும் ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தன. இந்த வகைக் கட்டங்களில் நம் ஃபார்முலா தமிழும் காணாது, ஆங்கிலமும் காணாது. ‘வேறு’ என்று சொல்லும். ஆகவே ‘வேறு’ குவியலைக் கைப்பேசி எண்கள்தானே என்று அலட்சியமாக அழித்துவிடக் கூடாது. அதற்குள் மனிதர்கள் இருக்கக்கூடும்.

அந்தக் குவியலில் இன்னொரு வகையும் அகப்படும். திரையிலேயே இப்படித் தெரியும்:

```
à®¤à®®à®¿
```

இது சேதமான தமிழ். ஆனால் மீட்கக்கூடிய சேதம். படிவத்தில் வந்த விவரங்களைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கும்போது பொதுவாக யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கப்படுகின்றன. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று பைட்டுகள். முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. எக்செல் அந்தக் கோப்பை ஐரோப்பிய மொழிக் கோப்பு என்று எண்ணித் திறந்துவிட்டால், மூன்று பைட்டுகளை மூன்று தனி எழுத்துகளாகக் காட்டும். 224-க்கு à, 174-க்கு ®. எனவே =UNICODE(A2) 224 என்று சொல்லி, அடுத்த எழுத்து ® என்றோ ¯ என்றோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்; அது தவறாகத் திறக்கப்பட்ட தமிழ். அந்தத் தாளில் எதையும் திருத்த முயலாமல் மூடிவிட்டு, எக்செலின் `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாக மூலக் கோப்பை மறுபடி திறந்து, `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாக வரும். இங்கும் ஒரு வழுக்கல் உண்டு. ‘S. முருகன்’ இப்படிச் சேதமாகியிருந்தால் அதிலுள்ள S-ஐப் பார்த்து ஃபார்முலா ‘ஆங்கிலம்’ என்று சொல்லிவிடும். e ஒன்று, LEN இருபதுக்கும் மேல் என்று பொருந்தாமல் நிற்பவற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

மீட்க முடியாத சேதமும் ஒன்று உண்டு. கட்டம் முழுவதும் கேள்விக்குறி. தமிழ் உள்ள தாளை யாரோ யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாத சாதாரணச் சிஎஸ்வியாகச் சேமித்திருப்பார்கள். சேமிக்கும் அந்தக் கணமே ஒவ்வொரு தமிழ் எண்ணும் 63 ஆக மாறிவிடும். முன்பு என்ன இருந்தது என்ற தடயம்கூட மிஞ்சாது. எந்த மாற்றியும், எந்த நிபுணரும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேட்பதைத் தவிர வழியில்லை.

தமிழ் என்று சரியாகத் தேறிய கட்டங்களிலும் ஒரு சிறு சிக்கல் பாக்கி இருக்கிறது. ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை 3018 என்று ஒரே எண்ணாகவும் வைக்கலாம். 3014 கொம்பு, 3006 கால் என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு இது பொருட்டல்ல. இரண்டும் தமிழ் எல்லைக்குள்தான். ஆனால் ‘கொடுமுடி’ என்று ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் அனுப்பியிருந்தால் ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடும். தேடினால் ஒன்றுதான் அகப்படும். LEN போட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு 8, மற்றதற்கு 9 என்று காட்டிக்கொடுத்துவிடும். இதேபோல, தமிழ் இலக்கமான ௧ பார்வைக்குக் க-வைப் போலவே இருக்கும். அதன் எண் 3047, க-வின் எண் 2965. கைப்பேசி விசைப்பலகையில் கைதவறி இலக்கம் விழுந்த பெயர்கள் வரிசைப்படுத்தும்போதுதான் இடம் தவறி நின்று வெளிப்படும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. எண்கள் எழுத்தைத்தான் சொல்லும், மொழியைச் சொல்லாது. தொழில் என்ற பத்தியில் ‘சிவில் இன்ஜினியர்’ என்றிருந்தால் ஃபார்முலா தயங்காமல் தமிழ் என்னும். ‘Vivasayam’ என்றிருந்தால் ஆங்கிலம் என்னும். பெயர்ப் பட்டியலுக்கு இது குறையல்ல, நமக்கு வேண்டியது எழுத்துதான். கருத்துக் கேட்டு வாங்கிய பத்தியில் எத்தனை பேர் தமிழில் பதில் சொன்னார்கள் என்று கணக்கெடுக்க இதைப் பயன்படுத்தினால், ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டிய அத்தனை பேரும் ஆங்கிலக் கணக்கில் போய்விடுவார்கள். அந்த வேலைக்கு இது உதவாது.

பிரித்து முடித்த பிறகு எதை மாற்றினாலும், முதலில் வந்த பெயர்ப் பத்தியை அப்படியே ஒரு தனித் தாளில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் உண்மையான ஆங்கிலப் பெயர் ஒன்று தவறிப்போய் நுழைந்தாலும் அது பொருளற்ற தமிழாக வெளியே வரும். மூலம் கையில் இருந்தால்தான் பிழைக்கலாம். அடுத்த முறை படிவம் தயாரிக்கும்போது ‘பெயர்’ என்று ஒரே கேள்வியாக விடாமல், ‘பெயர், தமிழில்’, ‘பெயர், ஆங்கிலத்தில்’, ‘தலைப்பெழுத்து’ என்று மூன்றாகக் கேளுங்கள். இந்த வேலையில் முக்கால்வாசி அங்கேயே குறைந்துவிடும்.